நம்பர் கொடுத்தவர் எவ்வளவு நேரம் காத்திருப்பார்?

இரவுச் சாப்பாடு முடிந்த நேரம். கோவை கணபதியில் வாடகைக்கு இருக்கும் ஒரு கணவனும் மனைவியும் மொபைலில் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சரவணம்பட்டிப் பக்கம் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று பிடித்துப்போகிறது. பெயரையும் நம்பரையும் கொடுத்து பட்டனை அழுத்துகிறார்கள். ஒரு நொடிகூட ஆகவில்லை, ‘இதே போன்ற வேறு வீடுகள்’ என்று அடுத்த வரிசை திரையில் வந்து நிற்கிறது. அதிலும் இரண்டுக்கு நம்பர் கொடுக்கிறார்கள்.

விளம்பரம் கொடுத்த பில்டருக்குத் தெரியாமல் நடக்கும் விஷயம் இது. தன் ஃபிளாட்டைப் பார்த்து ஒருவர் விசாரித்திருக்கிறார் என்றுதான் அவர் நினைக்கிறார். விசாரித்தவரைப் பொறுத்தவரை அவர் மூன்று பேரில் ஒருவர். யார் முதலில் கூப்பிடுகிறாரோ, அவரோடுதான் அந்த இரவின் பேச்சு. அந்தப் பேச்சில் கேட்ட விலையும் அளவும்தான் பிறகு வரும் மற்ற இருவரை அளக்கும் கோலாகிறது. மறுநாள் மதியம் சாவகாசமாகக் கூப்பிடும் பில்டர், “எந்த வீடுங்க? நிறைய பார்த்தோமே” என்ற பதிலைக் கேட்பது இதனால்தான்.

பெரிய நிறுவனங்கள் இதற்கென்று கால் சென்டர் வைத்திருக்கின்றன. இருபது, முப்பது வீடு கட்டும் சின்ன பில்டரிடம் இருப்பது ஓர் அலுவலகம், கணக்கு பார்க்கும் ஒருவர், சைட்டில் நிற்கும் ஒரு என்ஜினியர், எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொள்ளும் உரிமையாளர். இவ்வளவுதான் ஆள் என்றால் வேகமாகவும் தொடர்ந்தும் பதில் சொல்வது எப்படி?

ஐந்து நிமிடக் கணக்கு

இந்தத் துறையில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் எண்கள் இரண்டு அமெரிக்க ஆய்வுகளிலிருந்து வந்தவை. இணையம் வழி வரும் விசாரிப்புகளை 2007இல் ஜேம்ஸ் ஓல்ட்ராய்ட் ஆராய்ந்தார். ஐந்து நிமிடத்துக்குள் அழைத்தால் ஆள் கிடைக்கும் வாய்ப்பு, முப்பது நிமிடம் கழித்து அழைப்பதைவிட நூறு மடங்கு அதிகம் என்று அதில் கண்டார். அவரும் இன்னும் இருவரும் 2011 மார்ச்சில் ‘ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ’ இதழில் எழுதிய கட்டுரை 2,241 அமெரிக்க நிறுவனங்களைச் சோதித்துப் பார்த்தது. ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொன்னவை 37 சதவீதம். பதிலே சொல்லாதவை 23 சதவீதம். முப்பது நாளுக்குள் பதில் சொன்ன நிறுவனங்கள் எடுத்துக்கொண்ட சராசரி நேரம் 42 மணி. விளம்பரத்துக்குக் காசு கொட்டி நம்பர் வாங்கிவிட்டு, கிட்டத்தட்ட இரண்டு நாள் சும்மா இருந்திருக்கிறார்கள்.

இந்த எண்களை அப்படியே கோவைக்குக் கொண்டுவந்துவிட முடியாது. ஆய்வு செய்யப்பட்டவை வீடு விற்பவர்கள் மட்டுமல்ல. ஆய்வில் கைகோத்த நிறுவனம், வேகமாக அழைப்பதற்கான மென்பொருளை விற்கும் நிறுவனம். இன்னொன்று, அலுவலக நேரத்தில் வந்த விசாரிப்புகளுக்குத்தான் ஐந்து நிமிடத்தில் பதில் போயிருக்கும். அந்த நேரத்தில் விசாரிப்பவர்கள் வேறு மாதிரி ஆட்களாகவும் இருக்கலாம். ஆகவே ‘நூறு மடங்கு’ என்பதைச் சத்தியவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் அடிப்படைக் காரணம் எளிது, எங்கும் பொருந்துவது: பட்டனை அழுத்திய ஐந்து நிமிடத்தில் ஃபோன் அவர் கையிலேயே இருக்கிறது, அந்தப் பக்கம் திரையில் திறந்திருக்கிறது, யோசனையும் அந்த வீட்டைப் பற்றியே ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு மணி நேரம் போனால் மூன்றும் மாறிவிடும்.

தாமதம் எங்கே ஒளிந்திருக்கிறது

உதாரணத்துக்கு ஒரு பில்டரை வைத்துக்கொள்வோம். சத்தி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி 24 ஃபிளாட். விற்பனைப் பரப்பு 1,050 சதுர அடி, விலை 62 லட்சம். இரண்டு சொத்து இணையதளங்களிலும் ஃபேஸ்புக்கிலும் விளம்பரம். மாதச் செலவு 30,000 ரூபாய், வரும் என்கொயரி 60.

இவரிடம் “என்கொயரிக்கு எவ்வளவு நேரத்தில் கூப்பிடுகிறீர்கள்?” என்று கேட்டால், “உடனே கூப்பிட்டுடுவோம்” என்பார். பொய் சொல்லவில்லை. அவர் கண்ணில் பட்டதிலிருந்து உடனேதான். கண்ணில் படுவதற்கு முன்பு போன நேரம் அவர் கணக்கில் வராது.

சொத்து இணையதளங்கள் பெரும்பாலும் மின்னஞ்சலிலும் தங்கள் செயலியிலும் தகவல் அனுப்பும். கணக்குத் தொடங்கும்போது கொடுத்த மின்னஞ்சல் ஆடிட்டருக்கு ஜி.எஸ்.டி. ரசீது போகும் முகவரியாக இருந்தால், அதை யாரும் ஞாயிறு இரவில் திறக்கப்போவதில்லை. செயலியில் பதிந்த நம்பர் சைட் என்ஜினியருடையதாக இருந்தால், கான்கிரீட் போடும் அன்று ஃபோன் பையில் அடித்துக்கொண்டே இருக்கும். ஃபேஸ்புக்கில் இன்னொரு சிக்கல். அங்கே ஃபார்ம் நிரப்பியவர்களின் விவரம் மெட்டாவின் கணக்குக்குள்தான் போய்ச் சேர்கிறது. வேறெங்கும் இணைத்து வைக்காவிட்டால் யாராவது உள்ளே போய்ப் பதிவிறக்க வேண்டும். 90 நாளுக்குள் எடுக்காவிட்டால் அதுவும் கிடைக்காது. விளம்பரத்தைப் பார்த்துக்கொள்ளும் பையன் வாரம் ஒருமுறை எக்ஸெல் அனுப்பினால், அந்தப் பட்டியலின் மேல் வரிசை ஏற்கெனவே ஒரு வாரம் பழசு.

ஃபேஸ்புக் ஃபார்மில் பெயரும் நம்பரும் பயனர் கணக்கிலிருந்து தானாக நிரம்பும் என்பதையும் மறக்கக்கூடாது. எப்போதோ கொடுத்த பழைய நம்பர் வரும். விரல் தவறி அழுத்தியவரும் வருவார். அனுப்புவதற்கு முன் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லும் வகை ஃபார்மைத் தேர்ந்தெடுத்தால் எண்ணிக்கை குறையும், ஆனால் கூப்பிட்டால் எடுக்கும் ஆட்கள் கூடுவார்கள்.

தாமதத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. உரிமையாளரே உறவினர் ஒருவரின் ஃபோனிலிருந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரைக்கு, தன் விளம்பரத்துக்குத் தானே நம்பர் கொடுத்துவிட்டு உட்கார வேண்டும். அழைப்பு எப்போது வருகிறது, யார் பேசுகிறார், என்ன கேட்கிறார் என்பதெல்லாம் அப்படியே தெரிந்துவிடும்.

பிறகு செய்ய வேண்டியது ஆள் மாற்றம். எல்லா அறிவிப்பும் ஒரே ஒரு ஃபோனுக்கு வர வேண்டும். அந்த ஃபோன் வேறு எதற்கும் கிடையாது. காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஆறு வரை அலுவலகத்தில் ஒருவர், ஆறிலிருந்து ஒன்பது வரை உரிமையாளரோ வீட்டில் ஒருவரோ வைத்திருக்கலாம். ஒன்பதுக்கு மேல் வருபவருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி மட்டும். அழைப்பு மறுநாள் காலையில், முதல் வேலையாக.

முதல் பேச்சு

ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டும் காரியம் கெடும் இடம் ஒன்று இருக்கிறது. “உங்க பட்ஜெட் எவ்வளவு சார்? எப்ப வாங்கப்போறீங்க? லோனா, கையிருப்பா?” என்று எடுத்த எடுப்பில் கேட்பது. கேள்வி கேட்க நம்பர் கொடுத்தவரை இவர்கள் விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதைவிடக் கெட்டது, விலை கேட்டால் “நேர்ல வாங்க சார், பேசிக்கலாம்” என்பது. நேரில் வரலாமா என்று முடிவுசெய்யத்தான் அவர் விலையே கேட்கிறார்.

எழுதிவைத்த ஸ்கிரிப்ட் தேவைப்படுவது இதற்குத்தான். ஒப்பிப்பதற்காக அல்ல, வரிசை தவறாமல் இருப்பதற்காக. கோவைப் பேச்சில் அது இப்படி இருக்கலாம்:

“வணக்கம்ங்க. சரவணம்பட்டி டூ பெட்ரூம் ஃபிளாட் பார்த்துட்டு இப்ப நம்பர் கொடுத்திருந்தீங்க, அந்த பில்டர் ஆபீஸ்ல இருந்து பேசறேன்ங்க. ரெண்டு நிமிஷம் பேசலாமுங்களா?”

“நீங்க பார்த்தது ஆயிரத்து ஐம்பது சதுர அடி, அறுபத்திரண்டு லட்சம். அதுல கார்பெட் ஏரியா எழுநூத்தி நாப்பதுங்க. ஜி.எஸ்.டி.யும் பதிவுச் செலவும் தனிங்க. உங்களுக்கு எதைப் பத்தித் தெரிஞ்சுக்கணும், சொல்லுங்க.”

இங்கே அழைத்தவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். விசாரித்தவர் கேட்பது ஏறக்குறைய ஒரே பட்டியல்தான்: இடம் சரியாக எங்கே, யு.டி.எஸ். எவ்வளவு, டி.டி.சி.பி. அப்ரூவல் இருக்கிறதா, எந்த வங்கி லோன் தருகிறது, வாசல் எந்தத் திசை, எப்போது சாவி. சின்ன பில்டரின் அலுவலகத்தில் இருப்பவருக்கு இந்த ஆறுக்கும் பதில் மனப்பாடமாகத் தெரியும். கால் சென்டரில் இருக்கும் பெண் “எங்க சேல்ஸ் டீம் கூப்பிடுவாங்க” என்றுதான் சொல்ல முடியும். சின்னவருக்கு இருக்கும் ஒரே பெரிய சாதகம் இது.

தெரியாததைக் கேட்டால் சமாளிக்கக்கூடாது. “அதை என்ஜினியர்கிட்ட கேட்டுட்டு ஏழு மணிக்குள்ள சொல்றேனுங்க” என்று நேரம் குறித்துச் சொல்லிவிட்டு, ஏழு மணிக்குள் சொல்ல வேண்டும்.

பதில்கள் முடிந்தபின் இவர் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள்:

“குடியிருக்கப் பார்க்கறீங்களா, வாடகைக்கு விடறதுக்குங்களா?”

“வீடு பார்க்க வரும்போது வேற யாரெல்லாம் வருவாங்க?”

இரண்டாவது கேள்வி சாதாரணமாகத் தெரியும். ஆனால் முடிவெடுப்பவர் யார் என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும். “அப்பா பல்லடத்துல இருந்து வரணும்” என்றால் ஞாயிற்றுக்கிழமைதான் சரிப்படும். “வீட்டுக்காரர் துபாய்ல இருக்காரு” என்றால் வீடியோ காலில் காட்ட வேண்டும். அங்கே நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். சிங்கப்பூர் என்றால் இரண்டரை மணி முன்னால், நம் இரவு ஏழரை அங்கே பத்து.

கடைசி வரி, “எப்ப வேணா வாங்க” அல்ல. “சனிக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்கா, ஞாயித்துக்கிழமை காலைல பத்தரைக்கா, எது சௌகரியமுங்க?” அவர் இரண்டையும் மறுத்தாலும் மூன்றாவது நாள் ஒன்றை அவரே சொல்வார்.

எடுக்காவிட்டால்

தெரியாத நம்பரிலிருந்து வரும் அழைப்பைப் பலர் எடுப்பதில்லை. அதில் தப்பும் இல்லை. ஒருமுறை முழுதாக மணி அடித்து நின்றதும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போக வேண்டும். அடுத்தடுத்து நாலு தடவை அடித்தால் ட்ரூகாலரில் ‘ஸ்பேம்’ என்று குறித்துவிடுவார்கள். நாலு பேர் குறித்துவிட்டால் அடுத்தவருக்கு அந்த நம்பர் சிவப்பாகத் தெரியும். அந்த நம்பரின் கதை அதோடு முடிந்தது.

“வணக்கம். சரவணம்பட்டி 2 பெட்ரூம் ஃபிளாட் பற்றி விசாரித்திருந்தீர்கள், அதற்காகத்தான் இப்போது அழைத்தேன். 1,050 சதுர அடி (கார்பெட் 740), ரூ.62 லட்சம். ஜி.எஸ்.டி., பதிவு தனி. தரைப்படமும் இருப்பிடமும் கீழே. இன்று மாலை 7 மணிக்கு மறுபடி அழைக்கிறேன். வேறு நேரம் வசதி என்றால் இங்கேயே சொல்லுங்கள்.” இதன் கீழே பேசுபவரின் பெயர், ரெரா பதிவு எண், ரெரா இணையதள முகவரி.

இந்தச் செய்தியை ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். அதில் விரைவுப் பதில்களைச் சேமித்துவிட்டு, ஒரு சாய்வுக்கோடு போட்டு இரண்டெழுத்து அடித்தால் முழுச் செய்தியும் வரும். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அதே செயலியில் இருக்கும் தானியங்கி வரவேற்புச் செய்தியை அமைத்துவிட்டு, ‘பதில் தானாகப் போய்விடும்’ என்று இருந்துவிடுகிறார்கள். வாடிக்கையாளர் முதலில் செய்தி அனுப்பினால்தான் அது போகும். இணையதளத்தில் நம்பர் கொடுத்தவர் இவர்களுக்கு வாட்ஸ்அப் எதுவும் அனுப்பவில்லை. எனவே அவருக்கு ஒன்றும் போகாது. ஒலிபரப்புப் பட்டியலும் அப்படித்தான். பில்டரின் நம்பரைத் தன் ஃபோனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ஒருமுறைகூடப் பேசாதவர் ஏன் சேமிக்கப்போகிறார்? இருநூறு பேருக்கு அனுப்பியதாக நினைத்த தீபாவளிச் சலுகை சிலரைத்தான் எட்டியிருக்கும்.

மூன்று வாரம்

வீடு வாங்குவது ஒரு ஃபோனில் முடியும் காரியமல்ல. ஆனால் பெரும்பாலான சின்ன அலுவலகங்களில் ஃபாலோ-அப் என்பது “என்ன சார், முடிவு பண்ணிட்டீங்களா?” என்று வாரம் ஒருமுறை கேட்பது. கேட்பவருக்கும் சலிப்பு, கேட்கப்படுபவருக்கு அதைவிடச் சலிப்பு. மூன்றாவது தடவை எடுக்கமாட்டார்.

ஒவ்வொரு தொடர்பிலும் விசாரித்தவருக்குப் புதிதாக ஒன்று கையில் கிடைக்க வேண்டும். இது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அட்டவணை தானாக அமைந்துவிடும். முதல் நாள் அழைப்பும் செய்தியும், எடுக்காவிட்டால் மாலையில் இன்னொரு அழைப்பு. மறுநாள் வேறு நேரத்தில் ஓர் அழைப்பு. காலையில் எடுக்காதவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எடுப்பார். மூன்றாம் நாள் முழுச் செலவுக் கணக்கு. ஏழாம் நாள் அன்றைய கட்டுமானப் படம், எந்தத் தளம் முடிந்தது என்ற ஒரு வரியோடு. பதினான்காம் நாள், அவர் கேட்ட வகையில் இன்னும் எத்தனை மீதி என்ற தகவல். இருபத்தொன்றாம் நாள் கடைசிச் செய்தி:

“உங்களிடமிருந்து பதில் வராததால் இனி அழைத்துத் தொந்தரவு செய்யவில்லை. வேறு இடம் பார்த்துவிட்டீர்கள் என்றால் ‘பார்த்தாச்சு’ என்று ஒரு வார்த்தை போதும். கிரகப்பிரவேசம் நெருங்கும்போது தகவல் வேண்டும் என்றால் ‘வேண்டும்’ என்று அனுப்புங்கள்.”

அதுவரை பேசாமல் இருந்த சிலர் இதற்குப் பதில் சொல்வார்கள். இனி நச்சரிப்பு இல்லை என்று தெரிந்ததும் “லோன் அப்ளை பண்ணியிருக்கோம், ஒரு மாசம் ஆகும்” என்று உண்மை நிலவரம் வெளிவரும்.

பேச்சின் நடுவே கிடைக்கும் காரணங்களுக்கும் தேதி போட வேண்டும். “ஆடி முடியட்டும்” என்பது தட்டிக்கழிப்பாகவும் இருக்கலாம், நிஜமாகவும் இருக்கலாம். அது எது என்று வாதாட வேண்டாம். “சரிங்க, ஆவணி முதல் வாரம் கூப்பிடறேனுங்க. அதுக்குள்ள பத்திர நகல் அனுப்பி வைக்கட்டுமா, வக்கீல்கிட்ட காட்டறீங்களா?” என்று கேட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். நகல் வேண்டும் என்பவர் வாங்கப்போகிறவர். மார்கழிக்கும் இதே கதைதான், தையில் தேதி. “விலை ஜாஸ்தி” என்பவரிடம் உடனே குறைக்கக்கூடாது. “எதோட ஒப்பிடும்போதுங்க?” என்று கேட்க வேண்டும். அவர் சொல்லும் இன்னொரு சைட் வேறு ரோட்டிலோ வேறு கார்பெட் அளவிலோ இருக்கும். கார்பெட் சதுர அடிக்கு எவ்வளவு என்று இரண்டையும் கணக்குப் போட்டுக்காட்டினால், குறைப்பதா வேண்டாமா என்பது பிறகு தெளிவாகும்.

வீடு பார்க்க வரும் நாள்

நேரம் குறித்துவிட்டு வராதவர்கள் எப்போதும் இருப்பார்கள். முந்தைய மாலை ஒரு செய்தி, அதில் இருப்பிடக் குறியும் திருப்பத்தில் இருக்கும் பேக்கரியின் படமும் போனால் அந்த எண்ணிக்கை குறையும். புதிய லேஅவுட்களில் கூகுள் மேப் கடைசி நூறு மீட்டரில் தடுமாறும். அதில் சிக்கிச் சலித்துத் திரும்பியவர் “அவசர வேலை வந்துடுச்சு” என்றுதான் சொல்வார்.

வந்து போனபின் அன்று மாலையே காஸ்ட் ஷீட் போக வேண்டும். அதில் ஒளிவுமறைவு கூடாது. கட்டுமானத்தில் இருக்கும், மலிவு வீட்டு வரம்புக்குள் வராத ஃபிளாட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 62 லட்சத்துக்கு அது 3 லட்சத்து 10 ஆயிரம். நிறைவுச் சான்றிதழ் வாங்கியபின் விற்றால் ஜி.எஸ்.டி. இல்லை. அதோடு முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், மின் இணைப்பு, பராமரிப்பு முன்பணம் எல்லாம் சேர்ந்து கையில் என்ன தொகை வேண்டும் என்பதை ஒரே தாளில் காட்ட வேண்டும். இந்தக் கூட்டுத்தொகையை முன்பணம் வாங்கும் அன்று சொன்னால், வாங்க வந்தவர் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார். அங்கே உடையும் வியாபாரத்தை எந்த வேகமும் ஒட்டவைக்காது.

சட்டம் கேட்கும் சில வரிகள்

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, எட்டு ஃபிளாட்டுக்கு மேலோ கட்டுபவர் ரெரா பதிவு இல்லாமல் விளம்பரமே செய்யக்கூடாது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் விளம்பரம் என்பதை எந்த ஊடகத்தின் வழியாக வந்தாலும் என்று விரிவாகவே வரையறுக்கிறது. ஆகவே வாட்ஸ்அப்பில் அனுப்பும் படமும் அதில் அடங்கும் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. பதிவு எண்ணும் ரெரா இணையதள முகவரியும் விரைவுப் பதிலிலேயே இருப்பது இதனால்தான். விளம்பரத்தில் சொன்ன தவறான தகவலை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு கேட்க 12ஆவது பிரிவு வழி தருகிறது. “பக்கத்துல மெட்ரோ வருது” என்று அவசரத்தில் தட்டிவிடும் ஒரு வரி எழுத்திலேயே நின்றுவிடும். விற்பனை ஒப்பந்தம் பதிவாவதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது 13ஆவது பிரிவு. “இன்னிக்கே அஞ்சு லட்சம் போட்டுடுங்க” என்ற ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் 62 லட்சத்துக்கு வரம்பு 6 லட்சத்து 20 ஆயிரம் என்பதையும் அதே தாளில் எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

விசாரித்தவருக்குப் பதில் சொல்வது வேறு, யாரோ விற்கும் நம்பர் பட்டியலை வாங்கி வரிசையாக அழைப்பது வேறு. பின்னதுக்கு 1909க்குப் புகார் போனால் இணைப்பே துண்டிக்கப்படலாம். விசாரித்தவரே “வேண்டாம்” என்று சொல்லிவிட்டாலும் அத்தோடு நிறுத்த வேண்டும். நோட்டில் அந்தப் பெயர் மேல் சிவப்புக் கோடு போட்டுவிட்டால் இன்னொருவர் தெரியாமல் கூப்பிடமாட்டார்.

நோட்டு சொல்லும் கதை

விலையுயர்ந்த மென்பொருள் இல்லாமலே இதையெல்லாம் ஒரு கூகுள் ஷீட்டில் நடத்தலாம். வந்த நேரம், முதலில் அழைத்த நேரம், பேசினோமா, என்ன கேட்டார், அடுத்த தேதி என்று ஐந்து பத்தி போதும். அடுத்த தேதி காலியாக ஒரு வரிசைகூட இருக்கக்கூடாது. ‘ஹாட்’, ‘கோல்ட்’ என்று பெயர் ஒட்டுவதைவிட இந்தத் தேதிதான் முக்கியம். ‘கோல்ட்’ என்று எழுதியவரை யாரும் மறுபடி அழைப்பதில்லை.

பதில் சொன்ன நேரத்தைப் பார்க்கும்போது சராசரி ஏமாற்றும். ஒன்பது என்கொயரிக்கு 4, 6, 9, 12, 25, 40, 95, 600, 1,500 நிமிடம் ஆனது என்று வையுங்கள். சராசரி நாலே கால் மணி நேரத்துக்குப் போய்விடும். வரிசையின் நடுவில் நிற்பதோ 25 நிமிடம். வழக்கமான வேகத்தைச் சொல்வது அந்த நடு எண். கடைசி இரண்டும் தனிக் கதை. இரவில் வந்ததா, மின்னஞ்சலில் தூங்கியதா என்று தேட வேண்டும்.

நம் உதாரண பில்டரின் மாதத்தைப் பார்ப்போம். வந்த 60இல் வாடகைக்குக் கேட்டவர்கள், புரோக்கர்கள், தப்பு நம்பர் என 12 கழிகிறது. மீதி 48. பத்து நிமிடத்துக்குள் அழைத்த 18 பேரில் 13 பேரோடு பேச முடிந்தது. தாமதமாக அழைத்த 30 பேரில் 10 பேரோடுதான். மொத்தம் 23 பேரோடு பேச்சு, 9 பேர் வருவதாகச் சொன்னார்கள், 5 பேர் வந்தார்கள். 30,000 ரூபாயை 60ஆல் வகுத்தால் என்கொயரிக்கு 500 ரூபாய், மலிவாகத் தெரிகிறது. 5ஆல் வகுத்தால் சைட்டில் கால் வைத்த ஒவ்வொருவருக்கும் 6,000.

இதைப் பார்த்து விளம்பரத்தைக் கூட்டினால் பேச முடியாமல் போன 25 பேர் 40 ஆவார்கள், அவ்வளவுதான். ஒழுகும் இடம் முதல் அழைப்பு. தாமதமான 30இல் பெரும்பாலானவை இரவிலும் ஞாயிற்றுக்கிழமையும் வந்தவை என்றால், அந்த நேரத்துக்கு ஆள் போடுவதுதான் அடுத்த மாத வேலை. ஒரு மாதத்துக்கு அதை மட்டும் மாற்ற வேண்டும். விலை, படம், ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. அதே சமயம் 18ஐயும் 30ஐயும் வைத்துச் சட்டம் எழுதிவிடவும் முடியாது. எண்ணிக்கை சின்னது, மூன்று நாலு மாதம் ஒரே திசையில் போனால்தான் நம்பலாம்.

வேறொரு மாதத்தில் நோட்டு வேறு கதை சொல்லும். பேசியவர்கள் பலர், வருவதாகச் சொன்னவர்கள் ஒருவருமில்லை என்றால் குறை வேகத்தில் இல்லை. ‘என்ன கேட்டார்’ பத்தியைப் படிக்க வேண்டும். “சரவணம்பட்டின்னு போட்டிருக்கீங்க, இது விளாங்குறிச்சி தாண்டி இருக்கே” என்று ஆறு பேர் சொல்லியிருந்தால் விளம்பரத்தில் இடத்தின் பெயர் தப்பு. ஜி.எஸ்.டி. கேட்டதும் பேச்சு நின்றிருந்தால் விளம்பரத்தில் போட்ட விலை அரைகுறை.

24இல் கடைசி இரண்டு மூன்று மீதி இருக்கும்போது இன்னொரு வகை வீண் அழைப்பு தொடங்கும். விற்றுப்போன கிழக்கு வாசல் ஃபிளாட் இணையதளத்தில் அப்படியே இருக்கும், அதற்கு என்கொயரி வந்துகொண்டே இருக்கும். எந்த வகையில் எத்தனை வீடு பதிவாகியிருக்கிறது என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரெரா இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டியது பில்டரின் சட்டக் கடமை. அதைச் செய்யும் அதே நாளில் எல்லா விளம்பரப் பக்கங்களையும் திறந்து, விற்றதை நீக்கிவிடலாம். அந்தக் காலாண்டில் அதைக் கேட்டு நம்பர் கொடுத்தவர்களைத் தனியாகப் பிரித்து, “நீங்க கேட்ட ஈஸ்ட் ஃபேசிங் முடிஞ்சுடுச்சுங்க. அதே அளவுல வடக்கு வாசல் ரெண்டு இருக்கு, தரைப்படம் அனுப்பட்டுமா?” என்று கேட்க அலுவலகத்தில் ஒருவருக்கு ஒரு பிற்பகல் போதும்.